வேண்டாம் அக்கா கொடுத்த அனுமதி

அந்தத் தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வேண்டாம் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டணச் சீட்டில் மட்டும் மாதாமாதம் வந்து போகும். செல்போன் பழுது பார்க்கும் கடை. ஓர் ஆள் உட்காரலாம், இன்னோர் ஆள் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் தெருவில் இறங்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் இடம். ஆனாலும் அந்தச் சாலையில் புதுப் போன் வாங்கும் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். கண்ணாடி ஒட்டித் தருவாள், பழைய போனில் இருக்கும் எண்களையும் படங்களையும் புதியதற்கு மாற்றித் தருவாள், பணம் அனுப்பும் செயலியை ஏற்றித் தருவாள்.

செயலி ஏறியதும் ஒவ்வொன்றாகக் கேட்கும். கேமராவைப் பயன்படுத்தலாமா? தொடர்புகளைப் பார்க்கலாமா? அறிவிப்புகள் அனுப்பலாமா? அக்காவின் கட்டைவிரல் கேள்வி முடிவதற்குள் பதிலில் இருக்கும். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அதிலும் ஒரு வித்தை உண்டு. இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தச் செயலி அதற்கு மேல் தானாகக் கேட்காது. வேண்டுமென்றால் போனின் அமைப்புகளுக்குள் போய்த் தேடித் திறந்துவிட வேண்டும். அந்த இடம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. ஆகவே அவள் வேண்டுமென்றே இரண்டு முறை மறுத்துவிட்டுத்தான் போனைக் கையில் கொடுப்பாள்.

"எதுக்குக்கா எல்லாத்துக்கும் வேண்டாம்ங்கறீங்க?" என்று யாராவது கேட்டால், "உன் வீட்டுக் கதவத் தட்டி, பீரோவத் தொறக்கட்டுமா, அடுப்படியப் பாக்கட்டுமான்னு ஒருத்தன் கேட்டா சரின்னுடுவியா?" என்பாள். கேட்டவர்கள் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். இவ்வளவு சுருக்கென்று பேசுகிறவள் சொல்வது தப்பாக இருக்காது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சுருக்கென்று பேசுகிறவர்களால் ஊருக்கு வந்த நஷ்டத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சூடு கண்ட பூனை அவள். மூன்று வருடங்களுக்கு முன்பு அவளுடைய தம்பி, ஒரே தம்பி, ஏதோ ஒரு கடன் செயலியில் கொஞ்சம் பணம் வாங்கினான். துவைக்கிற இயந்திரம் வாங்க. அது ஊர் பேர் தெரியாத போலிச் செயலி. கடன் கொடுப்பதற்கு முன்பே அவனுடைய தொடர்புகளையும் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. ஒரு தவணை நான்கு நாள் தள்ளிப் போனது. அவனுடைய போனில் இருந்த அத்தனை எண்களுக்கும், அலுவலக மேலாளர் முதல் பால் போடுகிறவர் வரைக்கும், அவனுடைய முகத்தை எதனுடனோ ஒட்டி, "இவன் திருடன்" என்று படம் போனது. மறுநாளும் போனது. ஒரு வாரம் போனது. அடுத்த திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

தம்பியின் மனைவியை வீட்டில் சின்னு என்று கூப்பிடுவார்கள்; அக்காவை அவள் அண்ணி என்பாள். பிள்ளைக்கு அப்போது இரண்டரை வயது. அவனுடைய ஈமக் காரியங்கள் முடிந்த மறுநாள், கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே, அக்கா சின்னுவைப் பார்த்துச் சொன்னாள்: "கையால துவைச்சா உன் கை தேஞ்சிடுமா? உன் மெஷினுக்குத்தான்டி என் தம்பி போனான்." சின்னு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அக்கா அன்று மாலையே அவளுடைய எண்ணைப் போனில் தடுத்து வைத்தாள். அழைப்பு வராது, குறுஞ்செய்தி வராது. அரட்டைச் செயலியிலும் தடுத்தாள். எதிலெல்லாம் தடுக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன, அதுதானே தொழில்.

ஆனால் பிள்ளையை நினைக்காத நாள் கிடையாது. நடக்கப் பழகிய புதிதில் அந்தக் கடைக்குள் வந்து, திருகாணி வைக்கும் டப்பாவைக் கவிழ்த்து, அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்த பிள்ளை. சாலையில் அந்த வயதுப் பெண் குழந்தை யாராவது போனால் அக்காவின் கை வேலையில் நின்றுவிடும். போய்ப் பார்க்கலாம்தான். எந்த முகத்தோடு போவது? ஒரு வார்த்தை சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மூன்று வருடம் ஓடியது.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு முட்டைக்கார அம்மா வந்தாள். நான்கு கடை தள்ளி முட்டை மொத்த வியாபாரம். வந்தாள் என்பது தப்பு, இறங்கினாள் என்று சொல்ல வேண்டும்.

"இந்தா பாரு வேண்டாம் அக்கா, எட்டு அட்ட முட்ட போச்சு எனக்கு! எட்டு அட்ட!"

"உடைஞ்சுதா?"

"உடைஞ்சாக்கூட ஆம்லெட் போட்டுத் தின்னிருப்பேன். ஒருத்தன் வந்தான், எட்டு அட்ட எடுத்தான், போனக் காட்டினான். பச்சக் கலர்ல டிக்கு, பணம் போயிடுச்சுன்னு எழுதியிருக்கு. நானும் சரின்னு அனுப்பிட்டேன். சாயங்காலம் பாத்தா கணக்குல ஒண்ணுமே வரல. அவன் காட்டினது போட்டோவாம்! எவனோ செஞ்சு வச்ச போட்டோ!"

"அவன் போனப் பாத்து எதுக்கு நம்பினீங்க? உங்க போன்ல வந்துச்சான்னு பாக்க வேணாமா?"

"என் போன் எப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லியிருக்கு? பணம் வந்தாலும் கம்முனு கெடக்கும், வரலைன்னாலும் கம்முனு கெடக்கும். கடையில நாலு பேர் நின்னுட்டு இருக்கும்போது நான் ஒவ்வொண்ணையும் தொறந்து பாத்துட்டு நிக்கவா? பக்கத்துக் கடைக்காரனுக்கு டிங்குனு சத்தம் வருது. எனக்கு ஏன் வரல? என் மருமகன் நேத்து பாத்துட்டுச் சொல்றான், அறிவிப்பு அனுமதியே குடுக்கல, யாரு ஏத்திக் குடுத்ததுன்னு கேக்குறான்."

அக்காவுக்கு முகம் சுண்டியது. போனை வாங்கி அமைப்புகளுக்குள் போனாள். அனுமதிகள் என்ற பக்கத்தில் அவளுடைய கைவரிசை வரிசையாக இருந்தது. கேமரா, அனுமதி இல்லை. தொடர்புகள், அனுமதி இல்லை. அறிவிப்புகள், நிறுத்தப்பட்டுள்ளன.

"இது ஒவ்வொண்ணும் எதுக்குக் கேக்குதுன்னாவது சொல்லு," என்றாள் முட்டைக்கார அம்மா, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எட்டு அட்டைக்கு அதாவது தெரிஞ்சுக்கறேன்."

மூன்று வருடமாக யாரும் அவளை உட்கார வைத்துக் கேட்காத கேள்வி. அவளும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாத கேள்வி. பதில் என்னவோ அவளுக்குத் தெரியும்.

"கேமரா வந்து, கடைகள்ல கட்டம் கட்டமா ஒட்டியிருக்காங்கல்ல, அதப் படிக்கிறதுக்கு. அந்தக் கட்டத்துக்குள்ள பணம் வாங்குறவங்களோட விலாசம் எழுதியிருக்கு, அவ்வளவுதான். இது இல்லைன்னா நம்பர கையால தட்டணும். சில சமயம் நீங்கதானான்னு பாக்க உங்க முகத்தப் படம் புடிக்கவும் கேக்கும். 'பயன்படுத்தும்போது மட்டும்'னு ஒண்ணு இருக்கு, அதக் குடுத்தா போதும். செயலிய மூடிட்டா கேமரா அதுக்குக் கெடையாது."

"அப்ப இத்தன நாளா நான் எழுத்துக்கூட்டி நம்பர் தட்டிட்டு இருந்தது?"

"என்னாலதான்."

"ம். அடுத்தது?"

"அறிவிப்பு. பணம் வந்தா சொல்றதுக்கு. யாராவது உங்ககிட்டப் பணம் கேட்டா, புதுப் போன்ல உங்க கணக்கத் தொறக்கப் பாத்தா, அதையும் சொல்லும். விளம்பரமும் அனுப்பி உயிர வாங்கும், ஆனா விளம்பரத்த மட்டும் தனியா நிறுத்தலாம்."

"அத மட்டும் நிறுத்தியிருக்கலாம்ல? மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்திட்டியே. மூணாவது?"

அக்கா திரையை ஒரு வரி கீழே தள்ளினாள்.

"தொடர்புகள். உங்க போன்ல இருக்கற பேரு நம்பர் எல்லாத்தையும் அது படிக்கும். படிச்சு, அதுல யார் யாரு இந்தச் செயலி வச்சிருக்காங்கன்னு பாக்கும். நீங்க 'தங்கச்சி'ன்னு தேடினா தங்கச்சி வருவா. பணம் வந்தா, நீங்க வச்ச பேரே தெரியும். இல்லைன்னா பேங்க்ல இருக்கற பேரு மட்டும்தான் தெரியும். அந்தப் பட்டியல் கம்பெனிக்கும் போகும். உங்களுக்கு இது தேவையில்ல. நாலே நாலு பேருக்கு அனுப்புறீங்க, நம்பரத் தட்டிக்கலாம். குடுக்காம விட்டாலும் மத்ததெல்லாம் வேல செய்யும்."

முட்டைக்கார அம்மா தலையை ஆட்டினாள். அக்காவின் தம்பி விவகாரம் அந்தச் சாலைக்கே தெரியும். அதனால் அந்த மூன்றாவதைப் பற்றி அவள் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. வாய் கூடுதலானாலும் மனசு உள்ளவள்.

கேமராவும் அறிவிப்பும் திறந்தாயிற்று. இனி சோதனை. இந்தத் தொழிலில் சோதனைக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். அக்கா தன் சொந்தப் போனை எடுத்து, முட்டைக்கார அம்மாவின் எண்ணைத் தட்டி ஒரு ரூபாய் அனுப்பினாள். அந்த அம்மாவின் போன் கணீரென்று சத்தம் போட்டது. "ஆங்! இதத்தான் கேட்டேன்!" என்று அவள் முக்காலியிலேயே ஒரு குதி குதித்தாள். "இரு, கட்டத்தையும் பாத்துடுவோம். உன் கட்டத்தக் காட்டு."

கடைக்கென்று தனிக் கணக்கு, தனிக் கட்டம், வந்த பணத்தை உரக்கச் சொல்லும் சின்னப் பெட்டி எல்லாம் உண்டு. ஆனால் பெட்டி அன்று மின்னேற்றத்தில் கிடந்தது. எனவே தன் சொந்தச் செயலியில் இருந்த கட்டத்தைத் திரையில் திறந்து காட்டினாள். முட்டைக்கார அம்மா கேமராவைப் பிடித்தாள், பிடித்த மாத்திரத்தில் அக்காவின் பெயர் வந்தது, ஒரு ரூபாய் போட்டாள்.

"வந்துச்சா?"

அக்காவின் போன் கம்மென்று இருந்தது. இருக்காதா? ஊருக்கு அடைத்தவள் தன் வீட்டை மட்டும் திறந்தா வைத்திருப்பாள்? அந்தச் செயலியை அவள் உதிரி பாகம் தருகிற மொத்தக் கடைக்காரருக்குப் பணம் அனுப்ப மட்டும் வைத்திருந்தாள். அவருடைய எண் மனப்பாடம். திறப்பாள், தட்டுவாள், அனுப்புவாள், மூடுவாள். முகப்பில் வட்ட வட்டமாக எழுத்துப் போட்டு ஏதேதோ நிற்கும். அதெல்லாம் விளம்பரம் என்று அவள் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

இன்று வந்ததா என்று பார்க்க, பழைய பரிமாற்றங்கள் என்ற பக்கத்தைத் திறந்தாள். மேலே முட்டைக்கார அம்மாவின் ஒரு ரூபாய் இருந்தது. அதற்குக் கீழே மொத்தக் கடைக்காரருக்கு அனுப்பியவை. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள்.

ஒரு ரூபாய் வந்தது. ஒரு ரூபாய் வந்தது. ஒரு ரூபாய் வந்தது. இடையிடையே கடைக்காரர், மறுபடி ஒரு ரூபாய். எல்லாம் ஒரே பெயரிலிருந்து, இரண்டு எழுத்து முன்னால் போட்ட ஒரு நீளமான பெயர். பள்ளிச் சான்றிதழிலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும் இருக்கக்கூடிய பெயர். ஒரு ரூபாய்க்கெல்லாம் வங்கியும் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை.

"என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"யாரோ ஒரு ரூபா ஒரு ரூபாயா அனுப்பியிருக்காங்க. ஏமாத்து வேலையா இருக்கும். மொதல்ல சின்னதா அனுப்பி ஆசை காட்டுவானுங்க."

முட்டைக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒன்றர வருஷமாவா ஆசை காட்டுவான்? உனக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா? உன் போன்ல இருக்கற பேரோட பொருந்துதான்னு பாரேன்."

பொருந்துகிறதா என்று பார்க்க எண்ணை எழுதி வைத்து ஒப்பிடலாம். எண்ணின் நடுவில் பாதியை அந்தச் செயலி புள்ளி வைத்து மறைத்திருந்தது. இன்னொரு வழி, அந்த மூன்றாவது அனுமதி. அக்காவின் கட்டைவிரல் அந்த வரிக்கு மேலே நின்றது. எந்த அனுமதி தன் தம்பியைத் தின்றதோ அதே அனுமதி. அதே வாசகம், அதே இரண்டு பொத்தான்கள். விரல் அங்கேயே நிற்பதை முட்டைக்கார அம்மா பார்த்தாள், பார்க்காத மாதிரித் தெருவைப் பார்த்தாள்.

அனுமதி கொடுத்தாள்.

திரை ஒரு நொடி சுற்றியது. அந்த நீளமான பெயர்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மாறின. சின்னு. சின்னு. சின்னு. சின்னு.

அந்த நீளமான பெயரைக் கல்யாணப் பத்திரிகையோடு அவள் மறந்திருந்தாள். தடுத்து வைத்தாலும் எண்ணை அவள் அழிக்கவில்லை. அழைப்பைத் தடுத்த தடுப்பு இந்தச் செயலிக்குச் செல்லாது; அதற்குள் தனியாகத் தடுத்திருக்க வேண்டும். அது ஒன்றை மட்டும் அவள் விட்டிருந்தாள். எல்லா வாசலையும் தாழ் போட்டவள் விட்டுவைத்த ஒற்றை ஜன்னல் வழியாகச் சின்னு ஒன்றரை வருடம் கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே இருப்பவளுக்குக் காது கேட்காதபடி பஞ்சு வைத்துக்கொண்டது அவளேதான்.

ஒவ்வொரு ரூபாயோடும் ஒரு குறிப்பு இருந்தது. குறிப்புப் பெட்டி ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்காது. அதனால் ஒரு பேச்சைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஒரு ரூபாய் வைத்து அனுப்பியிருந்தாள். அக்கா அடியிலிருந்து படித்தாள்.

அண்ணி, போன் போகல. அதான் இதுல.

திட்டணும்னா திட்டுங்க. பேசினா போதும்.

பாப்பா ஸ்கூல்ல சேந்துட்டா.

அத்தை கடை எங்கன்னு கேக்குறா.

பாப்பாவுக்கு மொதப் பல்லு ஆடுது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ரூபாய்.

உங்க முகம் அவளுக்கு மறக்குது அண்ணி.

ஒரு போட்டோ அனுப்புங்க.

"என்னடி ஆச்சு?" என்றாள் முட்டைக்கார அம்மா. அக்கா திரையைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா எழுந்து, கடையின் முன்னால் போய் நின்றுகொண்டு, யாரோ போன் கண்ணாடி ஒட்ட வந்தவரிடம் "அப்புறம் வாங்க, கரண்டு இல்ல" என்று பொய் சொல்லி அனுப்பினாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

வேற ஊருல வேலை கெடச்சிருக்கு.

பத்தாம் தேதி கெளம்புறோம்.

காலைல ஏழு மணி பஸ். உங்க கடை வழியாத்தான்.

பாப்பாவ ஜன்னலோரம் உக்கார வைக்கிறேன்.

நீங்க கடை வாசல்ல நில்லுங்க. அது போதும்.

கடைசிக் குறிப்பு அதே பத்தாம் தேதி, காலை ஏழு இருபதுக்கு.

ஷட்டர் மூடியிருந்துச்சு. பரவால்ல அண்ணி.

அதற்கு மேல் எதுவும் இல்லை. அது நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அக்கா கடை திறப்பது ஒன்பது மணிக்கு. அந்தப் பத்தாம் தேதி அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லா நாளையும் போல ஏழு மணிக்கு அடுப்பில் ஏதாவது வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, கடைக்கு ஓடிவந்தால் ஐந்து நிமிடம்.

மேசையில் தலையை வைத்து அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். மூன்று வருடமாக ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவள் அழுகிறாளே என்று சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எண்ணின் தடுப்பை எடுத்தாள். அழைத்தாள். மணி போனது. முழுதாகப் போய் நின்றது. மறுபடி அழைத்தாள். அப்போதும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அழைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் மட்டும் என்ன பேசுவாள்? 'நல்லா இருக்கியா' என்று தொடங்கினால் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லவே முடியாது. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. மூன்று வருடமாக இருந்தது.

அந்தக் கடன் செயலியைத் தம்பியின் போனில் ஏற்றியவள் அவள். இதே மேசை. அவன் வந்து, "அக்கா, இது ஏற மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்" என்றான். அப்போது அவள் வேறொரு போனின் திரையைக் கழற்றி வைத்திருந்தாள், அதன் சொந்தக்காரர் தலைக்கு மேல் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இடது கையால் தம்பியின் போனை வாங்கினாள். அந்தக் காலத்தில் அவள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை, மறுத்தால் மறுபடி ஒரு முறை கேட்கும், நேரம் வீணாகும். தொடர்புகள், அனுமதி. படங்கள், அனுமதி. படித்துக்கூடப் பார்க்கவில்லை. கடன் கொடுக்கிறவனுக்கு ஊரார் எண்கள் எதற்கு என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். "இந்தா, ஓடுது" என்று கொடுத்தாள். அவன் "தேங்க்ஸ்க்கா" என்று போனான்.

இது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். தெரியக் கூடாது என்றுதான் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் துவைக்கிற இயந்திரத்தை இழுத்துப் போட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஊரில் உள்ள ஒவ்வொரு போனிலும் வேண்டாம் வேண்டாம் என்று அவள் அழுத்தியதெல்லாம் பிறருக்காக இல்லை. அந்த ஒரு நாளைத் திருத்தி எழுதத்தான். திருத்தி எழுதிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய காதை அடைத்துக்கொண்டு இருந்தாள்.

செயலியைத் திறந்தாள். சின்னு என்ற பெயரைத் தொட்டாள். ஒரு ரூபாய். குறிப்பு: இன்னைக்குத்தான் பாத்தேன் சின்னு. ரகசிய எண்ணைப் போட்டாள். போனது.

இரண்டாவது ரூபாய்: அறிவிப்ப நானே அடச்சு வச்சிருந்தேன்.

மூன்றாவது: அந்தக் கடன் ஆப்ப ஏத்தினது நான்தான்.

அதற்குப் பிறகு கை ஓடவில்லை. முட்டைக்கார அம்மா எங்கிருந்தோ ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு நான்காவதை எழுதினாள்: படிக்காம எல்லா அனுமதியும் குடுத்தேன். ஐந்தாவது: அவன் நம்பிக் குடுத்தான். ஆறாவது: பழிய உன் தலைல போட்டேன். ஏழாவதில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. மன்னிச்சிரு என்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அதையே அனுப்பினாள்.

பிறகு அமைப்புகளுக்குப் போய் அறிவிப்பைத் திறந்துவிட்டாள்.

"பதில் வரும்," என்றாள் முட்டைக்கார அம்மா.

"வராட்டியும் பரவால்லம்மா. சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. அது பொய். வராவிட்டால் அவளால் தாங்க முடியாது.

அன்று வரவில்லை. மறுநாள் போன் ஒலித்தபோது திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தாள். ஏதோ தள்ளுபடி விளம்பரம். விளம்பரத்தை மட்டும் நிறுத்தினாள். அதற்கு மறுநாள் மொத்தக் கடைக்காரர் பழைய உதிரி பாகத்துக்குப் பணம் திருப்பி அனுப்பியிருந்தார். இடையில் ஒரு கல்லூரிப் பெண் புதுப் போனோடு வந்தாள். அக்கா ஒவ்வொரு அனுமதியாக நிறுத்தி, இது இதற்கு, இது இதற்கு, உனக்கு வேண்டுமா என்று கேட்டாள். அந்தப் பெண் "என்னக்கா, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லலையா?" என்று சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள், சனிக்கிழமை, நடுப்பகல். ஒரு போனின் மின்கலத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேசை மேல் அவளுடைய போன் கணீரென்றது. சின்னு ஒரு ரூபாய் அனுப்பியுள்ளார். திறப்பதற்குள் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

தெரியும் அண்ணி.

படம் போன அன்னைக்கே அவர் சொன்னாரு.

அக்காவுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டான்னாரு.

அக்கா அந்த மூன்றாவதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஊரெல்லாம் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில் அவன் யோசித்தது இதை. கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அவள் கத்தியபோது சின்னு வாயைத் திறக்காமல் நின்றதும் இதனால்தான். தெரிந்துகொண்டே நின்றாள். தெரிந்துகொண்டே ஒன்றரை வருடம் ரூபாய் ரூபாயாக அனுப்பினாள், ஒரு ரூபாயில்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாகத் தட்டினாள். பாப்பாகிட்ட அத்தை வரேன்னு சொல்லு. அனுப்பினாள்.

இந்த முறை பதில் வரக் கால் மணி நேரம் ஆனது. வாடிக்கையாளர் வந்து மின்கலம் மாற்றிய போனை வாங்கிக்கொண்டு போனார். சாலையில் பேருந்து ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதன் பிறகுதான் போன் ஒலித்தது.

எந்த அத்தைன்னு கேக்குறா அண்ணி.